வினிகருக்கு அசையும் கறை, சோப்புக்கு அசையும் கறை

குளியலறையின் கண்ணாடித் தடுப்பில் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினிகரில் நனைத்த பஞ்சை, குழாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடத்தில் அழுத்திப் பிடித்தால், ஓரங்களில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அதே பஞ்சைச் சோப்புத் தட்டுக்குக் கீழே உள்ள படலத்தில் அழுத்தினால் குமிழியே வராது. வினிகர் அங்கே பரவக்கூடச் செய்யாமல் முத்து முத்தாகத் திரண்டு வழிந்துவிடும். கண்ணுக்கு ஒரே படலம்தான். ஆனால் முதல் இடத்தில் இருப்பது கல், இரண்டாவது இடத்தில் இருப்பது மெழுகு போன்ற ஒரு பொருள். வினிகர் நல்லதா, சோப்பு நல்லதா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லாததற்கு இந்த இரண்டு இடங்களே காரணம்.

முதலில் கல்லைப் பார்ப்போம். கடினமான தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். கரைந்திருக்கும்வரை அது கண்ணில் படாது. தண்ணீர் சூடாகும்போதோ, மேற்பரப்பில் காய்ந்துபோகும்போதோ, கரியமில வாயு பிரிந்து போய்விடும். மிஞ்சுவது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். கெட்டிலின் அடியிலும், ஷவர் துளைகளிலும், குழாய் மூக்கிலும் வெள்ளையாகக் கெட்டிப்படுவது பெரும்பாலும் இதுதான். இது தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் கரையாது, ஏனென்றால் சோப்பு பிடித்து இழுக்க அதில் எண்ணெய்ப் பசையே இல்லை.

அமிலத்துக்கு மட்டும் அது இடம் கொடுக்கும். சுண்ணாம்புக்கல் காரத்தன்மை உள்ள பொருள். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அதனுடன் வினைபுரிந்து, தண்ணீரில் எளிதாகக் கரையும் கால்சியம் அசிடேட்டாக அதை மாற்றிவிடுகிறது.

CaCO₃ + 2 CH₃COOH → Ca(CH₃COO)₂ + H₂O + CO₂

கிளம்பும் குமிழி, முன்பு தண்ணீரிலிருந்து பிரிந்து போனதே, அதே கரியமில வாயுதான். ஆக, வினிகர் கறையைத் தேய்த்து எடுப்பதில்லை. கல்லை வேறொரு பொருளாக்கித் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, வேலை நடக்க நடக்க அமிலம் தீர்ந்துகொண்டே போகும் என்பது. 5 சதவீத வினிகர் ஒரு லிட்டரில் சுமார் 50 கிராம் அமிலம் இருக்கிறது. கணக்குப்படி அது அதிகபட்சம் சுமார் 42 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்க முடியும். நடைமுறையில் அந்த அளவையும் எட்டாது, ஏனென்றால் தீரும் தறுவாயில் வினை மிகவும் மெதுவாகிவிடும். கெட்டிலில் ஊற்றிய வினிகரில் குமிழி நின்றுவிட்டது, ஆனால் படிவு இன்னும் இருக்கிறது என்றால், படிவு முரண்டு பிடிக்கிறது என்று நினைக்க வேண்டாம். புது வினிகர் சில துளி அதன்மேல் விட்டுப் பாருங்கள். மறுபடி குமிழி வந்தால் பழையது தீர்ந்துவிட்டது என்று பொருள். வரவில்லை என்றால் அது வேறு வகைப் படிவு. கால்சியம் சல்பேட் படிவும், மணலுக்கு உறவான சிலிகேட் படிவும் வினிகருக்கு அசையவே அசையா. அவற்றின்மேல் இரவு முழுவதும் வினிகரை ஊறவைப்பது வீண்.

வாசனை பிடிக்காதவர்கள் வினிகருக்குப் பதிலாக சிட்ரிக் அமிலப் பொடியைப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கரைத்தால், சுண்ணாம்பைக் கரைக்கும் திறனில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வினிகருக்குச் சமம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அதில் உருவாகும் கால்சியம் சிட்ரேட் அவ்வளவு நன்றாகக் கரையாது. சூடு ஏற ஏற இன்னும் குறைவாகக் கரையும். அதனால் சிட்ரிக் அமிலத்தைக் கெட்டிலில் ஊற்றிக் கொதிக்கக் கொதிக்க விட்டால், பழைய படிவு போய்ப் புதிதாக வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. கை பொறுக்கும் வெதுவெதுப்பே போதும்.

இனி சோப்புத் தட்டுக்குக் கீழே இருக்கும் படலம். அதற்கு முன் சோப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கொழுப்பைக் காரத்தோடு வினைபுரிய வைத்தால் சோப்பு கிடைக்கும் என்பது மிகப் பழைய கைத்தொழில் அறிவு. அது கொழுப்பு அமிலங்களின் உப்பு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல். சோப்பு மூலக்கூறுக்கு நீளமான ஒரு வால் உண்டு. அது எண்ணெயோடு சேரும். தலைப்பகுதியில் மின்னூட்டம் உண்டு. அது தண்ணீரோடு சேரும். எண்ணெய்ப் பிசுக்கில் சோப்புத் தண்ணீர் பட்டதும் வால்கள் எண்ணெய்க்குள் குத்தி நிற்கும், தலைகள் வெளியே தண்ணீரை நோக்கி நிற்கும். தேய்க்கும்போது எண்ணெய் நுண்துளிகளாக உடைகிறது. ஒவ்வொரு துளியைச் சுற்றியும் தலைகள் வேலி போட்டுவிடுவதால் துளிகள் மறுபடி ஒன்றுசேர முடிவதில்லை. கண்டிப்பாகச் சொன்னால் எண்ணெய் இங்கே கரைவதே இல்லை. தண்ணீரில் மிதந்து போகும்படி பொட்டலம் கட்டப்படுகிறது, அவ்வளவுதான்.

வினிகரில் இந்த வாலும் தலையும் கொண்ட ஏற்பாடு கிடையாது. அசிட்டிக் அமிலம் சின்ன மூலக்கூறு. அது எண்ணெயின்மேல் நிற்குமே தவிர அதைத் துளிகளாக உடைத்துத் தாங்கிப் பிடிக்காது. அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கை வினிகரால் துடைத்தால் கொஞ்சம் போவது போலத் தெரிவது, பெரும்பாலும் துணி எடுத்ததுதான்.

சோப்பின் பலவீனமும் அதன் தலையில்தான் இருக்கிறது. அந்த மின்னூட்டம் இருக்கும்வரைதான் சோப்பு சோப்பு. இரண்டு விஷயங்கள் அதைப் பறித்துவிடும். ஒன்று அமிலம். சோப்புச் சீவல்களை வெந்நீரில் கரைத்து அதில் வினிகரை ஊற்றினால், தெளிவாக இருந்த கரைசல் பால் திரிவது போல வெள்ளைத் திப்பிகளாகத் திரிந்துவிடும். திப்பியாக நிற்பது கொழுப்பு அமிலம். அது தண்ணீரோடு சேராது, எண்ணெயையும் பிடிக்காது. வினிகரையும் சோப்பையும் ஒரே புட்டியில் கலந்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்கும் என்று சொல்லப்படும் யோசனையின் கதி இதுதான்: சோப்பும் போச்சு, வினிகரிலும் ஒரு பங்கு வீணாச்சு.

இன்னொன்று தண்ணீரில் இருக்கும் கால்சியம். அது இரண்டு சோப்புத் தலைகளை ஒன்றாகக் கோர்த்துக் கால்சியம் சோப்பு என்ற கரையாத பொருளாக்கிவிடும். குளிக்கும்போது தெறித்த சோப்பு, தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து கண்ணாடியில் மெழுகாகப் படிகிறது. அதில் உடம்பின் எண்ணெயும் உதிர்ந்த தோலும் ஒட்டிக்கொள்கின்றன. நாம் பஞ்சு வைத்துப் பார்த்த இரண்டாவது படலம் இதுதான். கறையை எடுக்க வந்த சோப்பே கறையாகிவிட்ட கதை. அதன்மேல் மறுபடி கட்டிச் சோப்பைத் தேய்த்துக் கடினத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பாத்திரம் கழுவும் திரவத்தைப் பேச்சில் சோப்பு என்று சொன்னாலும் பெரும்பாலானவை வேதியியல்படி சோப்பு அல்ல. அவற்றில் இருப்பது சோடியம் லாரெத் சல்ஃபேட் போன்ற டிடர்ஜெண்ட். வாலும் தலையும் அதற்கும் உண்டு. ஆனால் தலை சல்ஃபேட் வகையைச் சேர்ந்தது என்பதால் வினிகர் அளவுள்ள அமிலத்தில் அது மின்னூட்டத்தை இழக்காது, கால்சியத்தோடும் எளிதில் கெட்டிப்படாது. எனவே வினிகரோடு கட்டிச் சோப்பைச் சேர்ப்பது தவறு; பாத்திரத் திரவத்தைச் சில துளி சேர்ப்பது சரி. சரி மட்டுமல்ல, மெழுகுப் படலத்தின்மேல் வழிந்தோடும் வினிகரை அது பரந்து ஒட்டி நிற்க வைக்கும். கீழே வரும் வேலைக்கு அதுதான் அடிப்படை.

அந்தக் கண்ணாடியைச் சுத்தம் செய்வோம்

நம் கண்ணாடியில் கல்லும் இருக்கிறது, மெழுகும் இருக்கிறது, மேலே எண்ணெய்ப் பசையும் இருக்கிறது. மூன்றையும் ஒரே திரவத்தால் எடுக்கப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. வரிசையாகப் போக வேண்டும்.

முதலில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரத் திரவம் கலந்து ஸ்பாஞ்சால் முழுக் கண்ணாடியையும் துடைத்துக் கழுவ வேண்டும். மேல் எண்ணெய்ப் பசை போகாமல் அமிலம் உள்ளே எட்டாது. கழுவியபின் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிடுவது நல்லது, இல்லையென்றால் அடுத்து வரும் வினிகர் நீர்த்துப்போகும்.

அடுத்து அரை லிட்டர் 5 சதவீத வினிகரில் ஒரு தேக்கரண்டி பாத்திரத் திரவத்தைக் கலந்து, தண்ணீர் சேர்க்காமல் தெளிக்க வேண்டும். செங்குத்தான கண்ணாடியில் அது நிற்காது. அதனால் மெல்லிய துணியையோ சமையலறைக் காகிதத்தையோ அதில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு 20 முதல் 30 நிமிடம் விட வேண்டும். இடையில் காய்ந்தால் மேலே மறுபடி தெளிக்க வேண்டும். காய்ந்த இடத்தில் வினை நின்றுவிடும். வினிகரை வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் வேகம் கூடும். கொதிக்க வைக்க வேண்டாம். அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் என்பதைத் தவிர ஒரு லாபமும் இல்லை.

இந்த அரைமணி நேரத்தில் கல் கரைந்துவிடும். மெழுகுக்கு என்ன ஆகிறது என்பதுதான் சுவாரசியம். அமிலம் கால்சியம் சோப்பிலிருந்து கால்சியத்தைப் பிரித்துத் தண்ணீருக்கு அனுப்பிவிடுகிறது. மிஞ்சும் கொழுப்பு அமிலம் கண்ணாடியிலேயே நிற்கிறது. காகிதத்தை உரித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி விரலால் தடவினால், சொரசொரப்பு போயிருக்கும், ஆனால் மெழுகுவத்தியைத் தொட்டதுபோல ஒரு வழவழப்பு இருக்கும். தண்ணீர் அந்த இடத்தில் முத்து முத்தாகப் பிரிந்து நிற்கும். பலர் இந்தக் கட்டத்தில் வினிகர் பயனில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வினிகர் தன் பங்கைச் செய்துவிட்டது. கெட்டியாக ஒட்டியிருந்த படலத்தை, காரத்துக்கு வழிவிடும் படலமாக மாற்றிக் கொடுத்திருக்கிறது.

இப்போது காரத்துக்கு முன்னால், நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இந்தக் கழுவலைத் தவிர்க்கக் கூடாது. கண்ணாடியில் நிற்கும் வினிகரில் கரைந்த கால்சியம் இருக்கிறது. அதன்மேலேயே சலவை சோடாவைக் கொண்டுபோனால், முதலில் மீந்த அமிலம் சோடாவைத் தின்றுவிடும். பிறகு கரைந்திருந்த கால்சியம் சோடாவின் கார்பனேட்டோடு சேர்ந்து மறுபடி வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும். சற்று முன் கரைத்த கல்லை நாமே திரும்ப உண்டாக்கி வைப்போம். வேலை முடிந்து காய்ந்தபின் கண்ணாடி முழுவதும் மெல்லிய வெள்ளைப் பொடி பூத்திருந்தால் நடந்தது இதுதான்.

நன்றாகக் கழுவியபின் ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவும் சில துளி பாத்திரத் திரவமும் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு ஸ்பாஞ்சால் தேய்க்க வேண்டும். சலவை சோடாவின் காரம் அந்தக் கொழுப்பு அமிலத்தை மறுபடி கரையும் சோப்பாக மாற்றுகிறது. பழைய சோப்பு உயிர்பெற்று எழுந்து போகிறது என்றே சொல்லலாம். லேசாக நுரை கட்டுவதுகூடத் தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் கழுவி, ரப்பர் வைப்பரால் தண்ணீரை இழுத்துவிட வேண்டும். தண்ணீரை அப்படியே காயவிட்டால் கல் படியும் கதை அன்றே மறுபடி தொடங்கும்.

முடிந்ததா என்று பார்க்கத் தண்ணீரே போதும். கண்ணாடியில் ஊற்றினால் உடையாமல் ஒரே தகடாக வழிய வேண்டும். முத்தாகப் பிரியும் இடத்தில் கொழுப்பு மிச்சம். அங்கே காரத்தை மறுபடி கொண்டு போகலாம். காய்ந்ததும் நகத்துக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும் இடத்தில் கல் மிச்சம், அங்கே வினிகர். இரண்டும் இல்லை, நகம் வழுக்குகிறது, வினிகர் வைத்தால் குமிழியும் இல்லை, ஆனாலும் காய்ந்ததும் மங்கலாகத் தெரிகிறது என்றால் அது படிவு அல்ல. கண்ணாடியின் மேற்பரப்பே நாளடைவில் அரிக்கப்பட்டிருக்கிறது. அதை எந்த அமிலமும் காரமும் திருப்பிக் கொண்டுவராது, மெருகேற்றித்தான் எடுக்க முடியும்.

காரம் மட்டுமே செய்யக்கூடிய வேலை

குளியலறையில் அமிலமும் காரமும் முறை வைத்து வேலை செய்தன. அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியின் வலை வடிகட்டியில் அமிலத்துக்கு வேலையே இல்லை. அங்கே படிந்திருப்பது எண்ணெய். அதுவும் சூட்டிலும் காற்றிலும் பலநாள் இருந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பசையாகவோ மஞ்சள் வார்னிஷ் போலவோ ஆகிவிட்ட எண்ணெய். புது எண்ணெயைத் துளிகளாக உடைக்கும் சோப்பு, இந்த வலைப்பின்னலில் நுழையத் திணறுகிறது.

காரத்துக்கு இங்கே இரண்டு வழி. சூடுபட்டுப் பழைய எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலங்கள் இருக்கும். காரம் அவற்றைச் சோப்பாக்குகிறது. அந்தச் சோப்பு, அழுக்குக்குள்ளேயே உருவாகி மிச்ச எண்ணெயைப் பிரித்தெடுக்க உதவுகிறது. காரம் இன்னும் வலுவாக இருந்தால், கொழுப்பு மூலக்கூறின் இணைப்புகளையே மெதுவாக வெட்டும். இரண்டுக்கும் சூடு வேண்டும், நேரம் வேண்டும். ஒரு லிட்டருக்கு 50 கிராம் சலவை சோடாவும் ஒரு தேக்கரண்டி பாத்திரத் திரவமும் கலந்த, 60 டிகிரி அளவுள்ள வெந்நீரில் வலையை முழுக்கி அரைமணி நேரம் விட்டால் தண்ணீர் பழுப்பாகிவிடும். பிறகு பிரஷ்ஷால் தேய்த்தால் பசை கட்டியாக அல்லாமல் கரைசலாகப் போகும். ஆறிய தண்ணீரில் இதே அளவு சோடா இரண்டு மணி நேரம் கிடந்தாலும் அந்த அளவுக்கு வேலை நடக்காது. வேதிப்பொருள், சூடு, நேரம், தேய்ப்பு ஆகிய நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும். துப்புரவுத் தொழிலில் இந்த நான்கையும் ஒரு வட்டமாக வரைந்து காட்டுவார்கள். 1959-ல் இதை வகுத்த ஹெர்பர்ட் சின்னரின் பெயராலேயே அந்த வட்டம் வழங்குகிறது.

வலை அலுமினியமாக இருந்தால் மேலே சொன்னதைச் செய்யக் கூடாது. அலுமினியத்தைக் காக்கும் ஆக்ஸைடு படலத்தைக் காரம் கரைத்துவிடும். சலவை சோடாவில் வலை சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறும். காஸ்டிக் சோடாவில் ஹைட்ரஜன் வாயு பொங்க உலோகமே கரையும். எடை குறைவாக, மங்கலான வெள்ளி நிறத்தில் இருந்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், துருப்பிடிக்காத எஃகிலும் சில வகையில் காந்தம் ஒட்டாது. சந்தேகம் இருந்தால் வெந்நீரும் பாத்திரத் திரவமும் மட்டும். இரண்டு முறை ஊறவைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

பொதுவாக, தண்ணீரும் உலோகமும் விட்டுச்செல்லும் கறைக்கு அமிலம், உயிருள்ளவை விட்டுச்செல்லும் கறைக்குக் காரம் என்று பிரித்துக்கொள்ளலாம். சுண்ணாம்புப் படிவு, கழிப்பறைக் கோப்பையில் கெட்டிப்பட்ட சிறுநீர்க் கல், துரு, செம்பின் பச்சை ஆகியவை முதல் வகை. எண்ணெய், உடம்பின் பிசுக்கு, இரத்தம், பால், முட்டை ஆகியவை இரண்டாவது வகை. புரதக் கறைகளில் ஒரே எச்சரிக்கை: முதலில் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி புரதம் இறுகி இழையைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரைக்கும் உப்புக்கும் இரண்டும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

கறையைப் பார்த்தால் மட்டும் போதாது

கறைக்குப் பொருத்தமான திரவம், கறை ஒட்டியிருக்கும் பொருளுக்குப் பொருந்தாமல் போகலாம். இதில் மிக அதிகமாகப் பாழாவது பளிங்குதான். குழாய்ப் படிவு கால்சியம் கார்பனேட். பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட். எது கறை, எது தரை என்று வினிகருக்குத் தெரியாது. பளபளப்பான பளிங்கில் வினிகர் சொட்டு சில நிமிடம் நின்றாலே மங்கிய வட்டம் விழும். அந்த வட்டத்தைக் கறை என்று நினைத்துத் தேய்ப்பார்கள். அது ஒட்டியிருக்கும் பொருள் அல்ல, கரைந்துபோன இடம். சுண்ணாம்புக்கல் தரைக்கும், பளிங்குச் சில்லுகள் பதித்த மொசைக் தரைக்கும் இதுவே கதி. அங்கெல்லாம் நடுநிலையான பாத்திரத் திரவம்தான். படிவு கெட்டியாக இருந்தால் பொறுமையாகச் சுரண்ட வேண்டியதுதான்.

டைல்ஸை வினிகர் ஒன்றும் செய்யாது, ஆனால் டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டை அரிக்கும். வேலை தெரிந்தவர்கள் அமிலம் போடுவதற்கு முன் இடுக்குகளைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுவார்கள். சிமெண்டின் நுண்துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் அமிலம் உள்ளே உறிஞ்சப்படாது. துருப்பிடிக்காத எஃகு சிங்க்கில் வினிகர் அரைமணி நேரம் நிற்கலாம். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தை அதன்மேல் ஊற்றக் கூடாது. குளோரைடு எஃகின் காப்புப் படலத்தைத் துளைத்துக் குழிக்குழியாக்கிவிடும். வினிகரில் உப்பைச் சேர்த்துச் சிங்க்கைத் தேய்ப்பதும் அதே காரணத்தால் நல்ல பழக்கம் அல்ல.

துணிகளில் நிலைமை தலைகீழ். பருத்தி செல்லுலோஸால் ஆனது. காரத்தைத் தாங்கும், வலுவான அமிலத்தில் இற்றுப்போகும். பட்டும் கம்பளியும் புரதம். எண்ணெய்க் கறையை எடுக்கும் அதே சலவை சோடா பட்டின் இழையையும் கறையாகவே எண்ணிக் கடிக்கும்.

குமிழி வந்தால் வேலை நடக்கிறது என்பதா?

அடைத்துக்கொண்ட சிங்க் குழாயில் சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பொங்குவதைப் பார்த்தால் மனசுக்குத் திருப்தியாக இருக்கும். 100 மில்லி வினிகரில் 5 கிராம் அமிலம். அதைச் சரிக்கட்ட 7 கிராம் சமையல் சோடா போதும். சரிக்கட்டியபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கலந்த தண்ணீர். அதில் கல்லைக் கரைக்கும் அமிலமும் இல்லை, கொழுப்பைச் சோப்பாக்கும் அளவுக்குக் காரமும் இல்லை. கொஞ்சம் தளர்ந்த அடைப்பைக் குமிழி அசைத்துவிடலாம், அதற்குமேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அடைப்பு பெரும்பாலும் கொழுப்பும் முடியும்தான். சூடான சலவை சோடாக் கரைசல் தனியாகவே இதைவிட அதிகம் செய்யும்.

அதுவும் போதாமல் காஸ்டிக் சோடாவுக்குப் போகிறவர்கள், தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது எழும் சூட்டில் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம். தோலில் பட்டதும் வழவழவென்று உணர்ந்தால், அது தோலின் எண்ணெயும் தோலும் சோப்பாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். அந்த வழவழப்பு போகும்வரை ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். குழாயில் காஸ்டிக் நிற்கும்போது அடைப்பு போகவில்லையே என்று மேலே அமிலத்தை ஊற்றினால், இரண்டும் மோதும் சூட்டில் திரவம் முகத்துக்கே பீய்ச்சும்.

பிளீச்சோடு அமிலம் சேர்வது இதைவிட மோசம். பிளீச் என்பது காரக் கரைசலில் வைக்கப்பட்ட சோடியம் ஹைப்போகுளோரைட். காரம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. வினிகரோ கழிப்பறை அமிலமோ அதில் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த திரவம் சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு நச்சு வாயு. வேண்டுமென்றே கலப்பவர்கள் குறைவு. வழக்கமாக நடப்பது வேறு: கழிப்பறைக் கோப்பையில் காலையில் ஊற்றிய அமிலம் அடியில் நிற்கும், யாரோ வந்து கிருமி போகட்டும் என்று பிளீச்சை ஊற்றுவார்கள். எனவே ஒன்றைப் பயன்படுத்திய இடத்தில் இன்னொன்றை அன்றே கொண்டுபோக வேண்டுமென்றால், நடுவில் இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும். நீச்சல் குளத்து நெடி திடீரென்று தூக்கலாக வந்து கண் கரித்தால், எதையாவது ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காமல் அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும். வரும் வழியில் கைக்கு எட்டும் ஜன்னல் இருந்தால் திறக்கலாம், அதற்காக உள்ளே திரும்பிப் போகக் கூடாது. இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவரிடம் போகும்போது எந்த இரண்டு புட்டிகள் என்று சொல்ல வேண்டும்.